பந்து பறிபோன பின்னரான முதல் மூன்று செக்கன்கள்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு பிற்பகலில், இளைஞர் அணிகள் இரண்டு மோதிய உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் 23ஆவது நிமிடத்தில், நான் ஆதரித்த அணியின் இடது விங் வீரர் எதிரணியின் வலது பின்கள வீரரைத் தாண்ட முயன்று பந்தை இழந்தார். இழந்தவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவர் கைகளை இறக்குவதற்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. பத்துச் செக்கன்களுக்குள் கோல் விழுந்தது. எனக்கு அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "இவனுகளுக்கு ஓடத் தெரியாது தம்பி, கால் இல்ல" என்றார். அங்கிருந்த பெரும்பாலானோர் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்.

அதே ஆட்டத்தின் 58ஆவது நிமிடத்தில், அதே விங் வீரர், ஏறக்குறைய அதே இடத்தில், அதே பின்கள வீரரிடம் மீண்டும் பந்தை இழந்தார். இம்முறை மூன்று செக்கன்களில் பந்து அவருடைய அணியிடமே திரும்பி வந்தது. இடைப்பட்ட அரை மணி நேரத்தில் யாருடைய காலும் வேகம் பெற்றிருக்க முடியாது; களைப்புத்தான் கூடியிருக்கும். அப்படியிருந்தும் முதலாவது இழப்பு கோலில் முடிய, இரண்டாவது இழப்பு தாக்குதலாக மாறியது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டத்தை நண்பர் ஒருவர் கைபேசியில் பதிவுசெய்திருந்ததால், இரண்டு காட்சிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நேரத்தையும் தூரத்தையும் ஓரளவு கணிக்க முடிந்தது.

பந்தை இழந்த அணி பின்வாங்கித் தன் தடுப்பு வரிசையை அமைத்துக்கொள்வதற்குப் பதிலாக, இழந்த இடத்திலேயே, இழந்த கணத்திலேயே அதை மீட்க முனைவதைத்தான் கவுண்டர் பிரெஸ்ஸிங் என்கிறோம். ஜேர்மனியர் இதைக் கேகன்பிரெஸ்ஸிங் என்பர். தமிழில் எதிர்நெருக்கல் என்று சொல்லலாம். எதிரணி தன் கோல் காப்பாளரிடமிருந்து நிதானமாகப் பந்தை வெளியே கொண்டுவரும்போது முன்னேறிச் சென்று நெருக்குவதும் பிரெஸ்ஸிங்தான். ஆனால் அங்கே இரு அணிகளும் தத்தம் இடங்களில் ஒழுங்காக நிற்கின்றன. எதிர்நெருக்கலில் ஒழுங்கு என்று ஒன்றும் கிடையாது. ஒரு கணத்துக்கு முன் தாக்கிக்கொண்டிருந்தவர்கள் தடுப்பாளர்களாகவும், தடுத்துக்கொண்டிருந்தவர்கள் தாக்குபவர்களாகவும் மாறவேண்டிய இடைவெளியில் அது நடக்கிறது. இரு தரப்பில் எது முதலில் மாறி முடிக்கிறதோ, அந்தப் பக்கம் ஆட்டம் சாய்கிறது.

பெப் குவார்டியோலா பயிற்றுவித்த 2008 முதல் 2012 வரையான பார்சிலோனா அணியைப் பற்றிப் பேசும்போது ஐந்து அல்லது ஆறு செக்கன் விதி என்று ஒன்றைக் குறிப்பிடுவார்கள்: அந்த நேரத்துக்குள் பந்து மீளவில்லையென்றால் அணி பின்வாங்கித் தன் வடிவத்துக்குத் திரும்பவேண்டும். ஜேர்மனியப் பயிற்றுநர் ரல்ப் ரங்னிக் எட்டுச் செக்கன் என்று வைத்திருந்தார். 2011இலும் 2012இலும் டோட்மண்ட் அணியை ஜேர்மன் சம்பியனாக்கிய யூர்கன் குளொப், பந்தை இழந்த உடனடிக் கணமே அதை மீட்க மிகச் சிறந்த கணம் என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தவர். ஐந்தா, ஆறா, எட்டா என்ற வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவை எப்போது கைவிடுவது என்பதைச் சொல்லும் எண்கள். நெருக்கல் பலிக்குமா பலிக்காதா என்பது அவற்றுக்கு வெகு முன்னரே, முதல் இரண்டு மூன்று செக்கன்களில் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்பதை அறியப் பந்தைப் பறித்தவரின் பக்கம் நின்று பார்க்கவேண்டும்.

பந்தைப் பறிப்பது சும்மா நடக்கும் காரியமல்ல. பறிப்பவரின் கண் பந்தில் குத்திட்டு நிற்கிறது. உடல் தாழ்ந்து, எடை ஒரு காலில் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் முகம் தன் கோல் கம்பத்தையோ பக்கக்கோட்டையோ நோக்கியிருக்கிறது. காலில் பட்ட பந்து அவர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை, ஒன்றிரண்டு மீற்றர் விலகி ஓடுகிறது. எனவே அவர் முதலில் அந்தப் பந்தை அடையவேண்டும், பிறகு ஒரு தொடுகையில் அதை அடக்கவேண்டும், பிறகு தலையை நிமிர்த்தவேண்டும், பிறகு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும், அதன் பிறகே உதைக்க முடியும். நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்குக்கூட இதற்கு ஏறக்குறைய இரண்டு செக்கன் தேவை. அந்த இரண்டு செக்கனும் அவர் பந்தை வைத்திருந்தும் பார்வையில்லாதவர். தலை நிமிர்ந்த பிறகு அவர் வேறு ஆள்.

அவருடைய அணியினரும் அந்த நேரத்தில் அவருக்கு அதிகம் உதவ முடியாது. தடுத்துக்கொண்டிருந்த அணி ஒடுங்கி நிற்கும். ஒருவருக்கொருவர் நெருங்கி, தம் கோலுக்கு முன்னால் வழிகளை அடைத்து நிற்பதுதான் நல்ல தடுப்பு. அதே ஒடுக்கம் பந்து கைக்கு வந்ததும் பாரமாகிறது. பந்தை வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் பத்து மீற்றருக்குள் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் விலகிச் செல்லாத தாக்குதல் வீரர்களும் நிற்கிறார்கள். அகலமாக விரிந்து, ஓரங்களுக்கு ஓடி, முன்னே ஓர் ஆளை அனுப்பிப் பாதைகளைத் திறக்க அந்த அணிக்கு மூன்று முதல் ஐந்து செக்கன் ஆகும். பந்தை இழந்த அணிக்கு இருக்கும் சாளரம் இதுதான்: பறித்தவர் பார்வை பெற இரண்டு செக்கன், அவருடைய அணி விரிய இன்னும் ஓரிரு செக்கன்.

இனி நெருக்கச் செல்பவரின் பக்கம். நின்ற நிலையிலிருந்து ஓடத் தொடங்கும் ஓர் ஆட்டக்காரர் ஐந்து மீற்றரைக் கடக்க ஒரு செக்கனுக்குச் சற்று அதிகமாகவும், பத்து மீற்றரைக் கடக்க இரண்டு செக்கனுக்கு அண்மையாகவும், இருபது மீற்றரைக் கடக்க மூன்று செக்கனுக்கு மேலாகவும் எடுத்துக்கொள்வார். பந்து பறிபோனதை உணர்ந்து உடல் அசையக் கால் செக்கன் போகும். முகம் வேறு திசையில் இருந்தால், திரும்புவதற்கு இன்னும் அரைச் செக்கன் சேரும். இந்தக் கணக்கை முன் சொன்ன இரண்டு செக்கனுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். ஐந்தாறு மீற்றரில் நிற்பவர் பறித்தவரின் தலை நிமிர்வதற்கு முன்னரே அவரிடம் போய்ச் சேருகிறார். பத்து மீற்றரில் நிற்பவர் மயிரிழையில் சேருகிறார் அல்லது தவறவிடுகிறார். பதினைந்து இருபது மீற்றரில் நிற்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அவர் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருக்காது; தரையோடு உறுதியாக உதைக்கப்பட்ட பந்து இருபது மீற்றரை இரண்டு செக்கனுக்குள் கடந்துவிடும்.

நாட்டின் மிக வேகமான ஓட்டவீரரைக் கொண்டுவந்து இருபது மீற்றரில் நிறுத்தினாலும் அவர் மிச்சம் பிடிப்பது அரைச் செக்கனுக்கும் குறைவாகவே இருக்கும். சாதாரண வேகமுள்ள ஒருவரை ஆறு மீற்றரில் நிறுத்தினால் இரண்டு செக்கன் மிச்சமாகும். பெரியவர் சொன்னது போலக் கால் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் கால் இருந்திருந்தாலும் 23ஆவது நிமிடத்து கோல் விழுந்துதான் இருக்கும்.

அந்தக் கோலைக் காட்சியில் நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தவை இவை. பந்து விங் வீரருக்கு வந்தது மைய பின்கள வீரரிடமிருந்து, நாற்பது மீற்றர் நீளமான குறுக்குப் பந்தாக. பந்து காற்றில் வந்த வேகத்துக்கு மற்றவர்களால் மேலேறி வர முடியவில்லை. விங் வீரர் அதை அழகாக நெஞ்சில் இறக்கியதற்குக் கரகோஷமும் கிடைத்தது. ஆனால் அவர் பந்தை இழந்த கணத்தில் அவருக்கு மிக அண்மையில் இருந்த தன் அணி வீரர், இடது பின்கள வீரர், பதினெட்டு மீற்றர் பின்னால் நின்றார். நடுக்கள வீரர் இருபது மீற்றருக்கு அப்பால். முன்கள வீரர் எதிரணியின் மைய பின்கள வீரர்களுக்கிடையில், கோலைப் பார்த்தபடி. ஆக, முதல் இரண்டு செக்கனில் பந்தைப் பறித்தவரை நெருங்கக்கூடிய ஒரே ஆள், பந்தை இழந்தவர் மட்டுமே. அவரோ தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

பறித்த வலது பின்கள வீரர் முதல் தொடுகையிலேயே பந்தை முன்னே தள்ளினார். யாரும் வராததால் அது அவருக்குச் சாத்தியமாயிற்று. இரண்டாவது செக்கனில் தலை நிமிர்ந்தது. மூன்றாவது செக்கனில் பந்து நடுக்கோட்டுக்கு அருகே நின்ற அவரது முன்கள வீரரை நோக்கிப் புறப்பட்டது. இங்கே இன்னொரு தவறு சேர்ந்தது. அந்த முன்கள வீரரைக் காவல் காக்கவேண்டிய இரு மைய பின்கள வீரர்களும், தம் அணி தாக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அவரிடமிருந்து பத்து மீற்றர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் பந்தை வாங்கித் திரும்பி, எதிரே பார்த்தபடி ஓட முடிந்தது. மீதி ஐந்தாறு செக்கனும் சம்பிரதாயம்தான்.

58ஆவது நிமிடத்தில் பந்து அதே இடத்துக்கு வேறு வழியாக வந்தது. இடைவேளையில் பயிற்றுநர் எதையேனும் சொன்னாரா, அல்லது எதிர்க்காற்றில் நீண்ட பந்து நிற்காது என்பதால் அணி தானாகவே மாறியதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பாதியில் அவர்கள் கச்சானுக்கு எதிராக ஆடினார்கள், நீளமாக உதைத்த பந்தெல்லாம் காற்றில் தொங்கித் திரும்பி விழுந்தது. எப்படியோ, இடது பின்கள வீரரிடமிருந்து நடுக்கள வீரருக்கு, அவரிடமிருந்து மீண்டும் பின்கள வீரருக்கு, அங்கிருந்து விங் வீரருக்கு என மூன்று குறுகிய பரிமாற்றங்களில் பந்து மேலே வந்தது. குறுகிய பரிமாற்றம் மெதுவானது. அந்த மெதுவே மற்றவர்களையும் கூடவே அழைத்து வந்தது. விங் வீரர் பந்தை இழந்தபோது பின்கள வீரர் அவருக்கு ஆறு மீற்றர் பின்னால், நடுக்கள வீரர் ஏழு எட்டு மீற்றர் உள்ளே, முன்கள வீரர் சற்று இறங்கி ஒன்பது பத்து மீற்றரில் நின்றார்கள்.

இனி நடந்ததை மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். பந்தைப் பறித்த வலது பின்கள வீரர் பக்கக்கோட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒன்றேகால் செக்கனில் இடது பின்கள வீரர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஆனால் காலை நீட்டிப் பறிக்க முயலவில்லை. வளைந்து ஓடிவந்து, பக்கக்கோடு வழியாக முன்னே செல்லும் பாதையை மறித்து, ஒரு கை எட்டும் தூரத்தில் கால்களைக் குறுக்கி நின்றார். விங் வீரர் இம்முறை தலையில் கை வைக்கவில்லை. பறித்தவர் தன் கோல் காப்பாளருக்குப் பந்தை அனுப்பக்கூடிய பின்வழியை மறித்து அவர் போய் நின்றார். எஞ்சியது உட்பக்க வழி ஒன்றுதான். அங்கே எதிரணியின் நடுக்கள வீரர் கையை உயர்த்திப் பந்து கேட்டுக்கொண்டு நின்றார்; அவருக்குப் பின்னால் இரண்டு மீற்றரில் நம் நடுக்கள வீரர் நிற்பதைப் பறித்தவர் பார்க்கவில்லை, ஏனெனில் பார்க்க நேரம் இல்லை. பந்து உள்ளே வந்தது, நம்மவர் முன்னால் பாய்ந்து அதை எடுத்துக்கொண்டார். பந்து போய் மூன்று செக்கன். இரண்டு தொடுகைக்குப் பின் முன்கள வீரர் உதைத்த பந்தைக் கோல் காப்பாளர் தட்டிவிட்டார். கோர்னர் கிடைத்தது, அதில் ஒன்றும் ஆகவில்லை. மைதானத்தில் யாரும் கை தட்டவில்லை. கோல் விழாததால் அந்த மூன்று செக்கனை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: எதிர்நெருக்கல் பந்தை இழந்த பிறகு தொடங்குவதாக நாம் நினைத்தாலும், அதன் பெரும்பகுதி பந்து நம்மிடம் இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. முதல் செக்கன்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன; அந்தச் செக்கன்களை அதற்கு முந்திய பரிமாற்றம் தீர்மானிக்கிறது. பார்சிலோனா பந்தை விரைவில் மீட்டது அதன் ஆட்டக்காரர்கள் பேய்போல ஓடியதால் என்று எண்ணுவது பாதி உண்மை. அவர்கள் ஐந்து பத்து மீற்றர் பரிமாற்றங்களால் மேலேறியவர்கள்; இழக்கும் கணத்தில் மூன்று நான்கு பேர் பந்தைச் சுற்றி நிற்பது அவர்களின் தாக்குதல் முறையிலேயே அடங்கியிருந்தது. மறுபுறம், நம் கிழக்குப் பகுதியின் இளைஞர் ஆட்டங்களில் எல்லோருக்கும் பிடித்த அந்த நீண்ட குறுக்குப் பந்து, ஒரு வீரரைத் தனித் தீவில் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே அவர் வென்றால் வெற்றி. தோற்றால் நெருக்குவதற்கு ஆளில்லை. நீண்ட பந்தை ஆடவே கூடாது என்பதல்ல என் கருத்து. அதை ஆடும் அணி, பந்து காற்றில் இருக்கும் அந்த இரண்டு செக்கனிலேயே, அது விழும் இடத்தை நோக்கி இரண்டு மூன்று பேரை ஓடவிடவேண்டும். பந்து கிடைத்துவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை.

பின்வரிசைக்கும் இதில் பங்குண்டு; அதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். முன்னே நான்கு பேர் நெருக்கிக்கொண்டிருக்க, பின்னே நிற்போர் பழைய இடத்திலேயே நின்றால் இடையில் முப்பது மீற்றர் வெறுமை உண்டாகிறது. நெருக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்துகூட அந்த வெறுமையில் விழுந்தால் அது நல்ல பரிமாற்றமாகிவிடுகிறது. இத்தாலியப் பயிற்றுநர் அரிகோ சாக்கி, மிலான் அணியில் கடைசித் தடுப்பாளருக்கும் முன்கள வீரருக்கும் இடையில் 25 மீற்றருக்கு மேல் விடக்கூடாது என்று வலியுறுத்தியதன் பொருள் இதுதான். ஆனால் மேலேறி நிற்கும் பின்வரிசை ஓஃப்சைட் விதியை முழுதாக நம்பவும் முடியாது: பந்து உதைக்கப்படும் கணத்தில் தன் பாதியில் நிற்கும் வீரர் ஓஃப்சைட் ஆகமாட்டார். நடுக்கோடு வரை ஏறிய தடுப்பாளர்களுக்கு முன்னால் அரை மீற்றர் உட்புறமாக நிற்கும் எதிரணி முன்கள வீரரைக் கோட்டால் பிடிக்க முடியாது, ஆளால்தான் பிடிக்கவேண்டும். தம் அணி தாக்கும்போதே ஒரு தடுப்பாளர் அவருடைய முதுகில் கை படும் அளவுக்கு ஒட்டி நிற்பதும், இன்னொருவர் சற்றுப் பின்னால் காவலாக நிற்பதும் அதற்கான வழி. 23ஆவது நிமிடத்தில் அந்தப் பத்து மீற்றர் இடைவெளி இல்லாமலிருந்தால், விங்கில் நடந்த தவறு கோலாகியிருக்காது.

முதலில் போய்ச் சேருபவர் செய்யும் தவறைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது பறிப்பை. ஆனால் அவருடைய உண்மையான வேலை பறித்தவரின் தலை நிமிராமல் பார்த்துக்கொள்வதும், ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்துக்குத் தள்ளுவதும்தான். முழுவேகத்தில் ஓடிவந்து சறுக்கிப் பாய்பவரை, பந்தை ஒரு முழம் நகர்த்துவதன் மூலம் தாண்டிவிடலாம். தாண்டியதும் அவருக்குப் பின்னால் ஓடிவந்த இருவரும் தவறான திசையில் இருப்பார்கள், முழு நெருக்கலும் ஒரே அசைவில் உடைந்துபோகும். கடைசி இரண்டு மீற்றரில் வேகத்தைக் குறைத்து, கால்களைச் சிறிய அடிகளாக வைத்து நிற்பது பார்ப்பவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும். "போடா, போய்ப் பறிடா!" என்று கரையிலிருந்து கூச்சல் வரும். பந்தைப் பெரும்பாலும் எடுப்பவர் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆள்; முதல் ஆள் வலையின் வாயை மூடுகிறார்.

அந்த இரண்டாம் மூன்றாம் ஆட்கள் எங்கே போகவேண்டும் என்பதில் பெரிய அணிகளிடையே வேறுபாடு இருந்தது. குளொப்பின் டோட்மண்ட் பந்தைச் சுற்றியுள்ள இடத்தையே பலர் சேர்ந்து நெரித்தது. குவார்டியோலாவின் பார்சிலோனா பந்து செல்லக்கூடிய வழிகளில் ஆட்களை நிறுத்த விரும்பியது. 2013இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களில் ஏழுக்குப் பூச்சியம் என்று வென்ற யூப் ஹைன்க்கஸின் பயேர்ன் மியூனிக், அண்மையில் நின்ற ஆளை ஆள் பிடிப்பதில் நம்பிக்கை வைத்தது. இளைஞர் அணிக்கு இவற்றில் எளிது மூன்றாவது என்று நினைக்கிறேன்: "உனக்குக் கிட்ட நிற்கிறவனைப் பிடி" என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரு செக்கனில் செய்துவிடும், வழியை மறிப்பதற்கு ஆட்டத்தை வாசிக்கத் தெரியவேண்டும்.

எப்போது விட்டுவிடவேண்டும் என்பதை அறியாத அணிக்கு எதிர்நெருக்கல் நஞ்சாகும். கடிகாரத்தை எண்ணிக்கொண்டு யாரும் ஆட முடியாது. ஆகவே ஐந்து செக்கன் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாக மாற்றவேண்டும். பந்து வைத்திருப்பவர் தலையை நிமிர்த்தி, நம் கோலைப் பார்த்து, எதிரே யாருமில்லாமல் நின்றால் நெருக்கல் முடிந்துவிட்டது. பந்து நெருக்கலின் வட்டத்தைத் தாண்டி முன்னோக்கிப் பார்க்கும் ஒருவரின் காலில் சேர்ந்தாலும் முடிந்துவிட்டது. மாறாக, தொடுகை நீண்டுபோனாலோ, பந்து பின்னோக்கிச் சென்றாலோ, வாங்குபவர் முதுகைக் காட்டி நின்றாலோ, ஏழு செக்கன் ஆனாலும் தொடர்ந்து நெருக்கலாம். மிக மோசமானது இரண்டுக்கும் நடுவில் நிற்பது: இருவர் நெருக்கிக்கொண்டிருக்க மூவர் பின்வாங்கிக்கொண்டிருப்பது. இதனால்தான் முடிவை ஒருவரிடம், வழக்கமாக முழு ஆட்டத்தையும் எதிரே காணும் நடுக்கள வீரரிடம் விட்டு, அவருடைய ஒரு சொல்லுக்கு எல்லோரும் திரும்பும்படி பழக்குகிறார்கள். உடைந்த நெருக்கலைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தும் வழக்கமும் உண்டு. நம்பிக்கையளிக்கும் தாக்குதலை நிறுத்தும் அத்தகைய தவறுக்கு மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டுவார் என்பதால் ஓர் ஆட்டக்காரருக்கு அது ஒருமுறைதான் கட்டுப்படியாகும்.

நம் மைதானங்களின் நிலம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை காய்ந்து இறுகிய தரையில் பந்து துள்ளி ஓடும்; பறித்தவரின் முதல் தொடுகை புல்தரையில் ஒரு மீற்றர் விலகினால் இங்கே இரண்டு மீற்றர் விலகும், அவர் தலை நிமிர இன்னும் அரைச் செக்கன் கூடும். நெருக்குபவருக்கு அது இலாபம். அதேவேளை, கண்மூடி உதைத்த பந்தும் கச்சான் முதுகில் இருந்தால் அறுபது மீற்றர் பறக்கும். காற்றோடு உதைக்கும் எதிரணியை நெருக்கும்போது பின்வரிசை வழக்கத்தைவிட ஐந்தாறு மீற்றர் பின்னால் நிற்பதே புத்தி. மாரியில் நிலைமை தலைகீழ். தேங்கிய நீரில் பந்து நின்றுவிடும், பறித்தவரின் காலடியிலேயே கிடக்கும், ஓடிவருபவர் சறுக்குவார்; உள்பக்கமாக அனுப்பிய பந்து பாதியில் நின்று யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பதும் உண்டு, அதற்கு முதலில் பாய்பவருக்கே பலன். வெயிலைப் பற்றியும் ஒரு சொல்: பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடமும் இப்படி நெருக்க எந்த அணியாலும் முடியாது. நூறு தடவை ஓடுவதைவிட, எதிரணியின் பாதியில் மூன்று பேர் அண்மையில் இருக்கும்போது மட்டும் ஓடுவது என்று வைத்துக்கொண்டால் களைப்பும் குறையும், உடைவும் குறையும்.

இதைப் பழக்குவதற்கு வசதிகள் ஏதும் தேவையில்லை. அடையாளக் கூம்புகளால் இருபது மீற்றர் சதுரம் ஒன்றை அமைத்து, உள்ளே நாலுக்கு நாலு ஆடவிட்டு, பந்தை இழந்த அணி ஐந்து எண்ணுவதற்குள் மீட்டால் அதற்கு ஒரு புள்ளி, பந்தைப் பறித்த அணி அந்த ஐந்துக்குள் சதுரத்துக்கு வெளியே நிற்கும் துணை வீரர் ஒருவருக்கு அனுப்பினால் அதற்கு ஒரு புள்ளி என்று வைத்தால் போதும். பயிற்றுநர் உரத்து எண்ணவேண்டும். ரங்னிக் பயிற்சியில் இறங்குமுகமாக எண்ணும் கடிகாரத்தைப் பயன்படுத்தினார். நமக்குக் குரல் போதும். கவனிக்கவேண்டியது புள்ளிகளை அல்ல, பந்து பறிபோன முதல் செக்கனில் இழந்தவரின் கைகள் எங்கே போகின்றன என்பதையும், மற்ற மூவரின் பாதங்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதையும்தான். தலைக்குப் போகும் கை இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடும். பாதங்கள் திரும்ப அதிக காலம் எடுக்கும்.

பிறகு ஆட்டத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, அணி பந்தை இழந்த ஒவ்வொரு கணத்திலும் படத்தை நிறுத்தி, இழந்தவரைச் சுற்றிப் பத்து மீற்றருக்குள் தம்மவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் குறித்து, அதற்கு நேரே மூன்று செக்கனில் எதிரணி முன்னோக்கிப் பார்த்தபடி பந்தை அனுப்பியதா இல்லையா என்று எழுதிவைக்கலாம். நான் அந்த ஆட்டத்தின் முதல் பாதிக்கு அப்படிச் செய்தேன். எதிரணியின் பாதியில் பறிபோன பந்துகளில், இழந்தவருக்கு அருகே இருவராவது இருந்தவை ஐந்து. அவற்றில் மூன்று உடனே மீண்டன. ஒருவர் மட்டும் அல்லது ஒருவருமே இல்லாதிருந்தவை ஒன்பது. அவற்றில் மீண்டது ஒன்று, அதுவும் பறித்தவர் பந்தைத் தானே பக்கக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டதால். ஓர் ஆட்டத்தின் பாதியை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் அடுத்த நாள் அந்தத் தாளை அணியின் பயிற்றுநரிடம் காட்டியபோது, அவர் ஒன்பது என்ற எண்ணை விரலால் தொட்டு, "இதில எத்தனை நீளப் பந்து?" என்று கேட்டார். ஏழு.